ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீருக்கு வாயால் சொல்லி ரிமைண்டர் வைப்பது எப்படி?

கேள்வி: அம்மா பெங்களூரில், அல்சூர் பக்கம் தனியாக இருக்கிறார். ஆண்ட்ராய்டு போன். டைப் அடிக்கச் சிரமப்படுவதால் வாயால் சொல்லியே ரிமைண்டர் வைக்கிறார். காவேரி தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் வரும், ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை பெஸ்காம் கரண்ட் பில். சிலது ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது, சிலது அடிக்கவே இல்லை. வைத்ததைப் பிறகு எங்கே போய் மாற்றுவது என்றும் தெரியவில்லை. சரியான முறை என்ன?

பதில்:

ஒரு தடவை அடித்து நின்றுபோவது வேறு கோளாறு, அடிக்காமலே போவது வேறு கோளாறு. முதலாவது சொன்ன வாக்கியத்தில் இருக்கிறது. இரண்டாவது போனின் செட்டிங்கில் இருக்கிறது. இரண்டையும் பார்ப்பதற்கு முன், சொன்ன ரிமைண்டர் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளிடம் வாயால் சொல்லி வைக்கும் ரிமைண்டர் எல்லாம் Google Tasks என்ற ஆப்பில் சேர்கிறது. முன்பு ரிமைண்டர்களுக்குத் தனி இடம் இருந்தது. 2023இல் கூகுள் அவற்றை Tasks பக்கம் மாற்றிவிட்டது. அம்மாவின் போனில் சொல்வதைக் கேட்கக் கூகுளின் பழைய Assistant இருந்தாலும் புதிய Gemini இருந்தாலும் போய்ச் சேரும் இடம் இதுதான். அதனால் முதல் வேலையாக பிளே ஸ்டோரிலிருந்து Google Tasks ஆப்பைப் போட்டு, முகப்புத் திரையில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். நீல வட்டத்தில் டிக் குறி போட்ட ஐகான். சாம்சங் போன் என்றால் அதிலேயே Reminder என்று இன்னோர் ஆப் இருக்கும். அது தனிப் பெட்டி. கூகுளிடம் சொன்னதை அதில் தேடினால் கிடைக்காது.

அடுத்து மின்னஞ்சல் கணக்கைப் பாருங்கள். அம்மா போனில் அவருடைய ஜிமெயிலோடு நீங்கள் எப்போதோ சேர்த்துவிட்ட உங்கள் ஜிமெயிலும் இருக்கலாம். குரல் ஒரு கணக்கில் எழுதும், Tasks வேறொரு கணக்கைத் திறந்து வைத்திருக்கும். 'வைத்தேன், காணோம்' என்று அம்மா சொன்னால் முதலில் Tasks ஆப்பில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, கணக்கை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பத்திரமாக இருக்கும். பிறகு கூகுள் ஆப்பிலும் Tasks-இலும் ஒரே கணக்கை வைத்துவிடுங்கள்.

இனி வாக்கியம். மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்து' என்று சொன்னால் போன் வருகிற ஞாயிறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதில் தப்பே இல்லை, சொன்னது அவ்வளவுதான். 'ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்' என்று சொன்னால்தான் அது திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலத்தில் சொன்னாலும் இதே கதை: on Sunday என்றால் ஒரு தடவை, every Sunday என்றால் வாராவாரம். பேச்சில் நாம் 'ஞாயித்துக்கிழமை மாத்திரை' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம், கேட்பவருக்கு வாராவாரம் என்று புரிந்துவிடும். போனுக்கு அந்த 'ஒவ்வொரு' வேண்டும். ஒரு தடவை அடித்து நின்றுபோன ரிமைண்டர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல் விடுபட்டவைதான்.

நேரத்திலும் இதே கவனம் வேண்டும். 'எட்டு மணிக்கு' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. காலையா ராத்திரியா என்பதை எப்போதும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'நாளைக்கு' என்பதைக்கூட நள்ளிரவு தாண்டிச் சொன்னால் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். ராத்திரி பன்னிரண்டரைக்குத் தூக்கம் வராமல் 'நாளைக்குக் காலையில்' என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது விடியப்போகும் காலை. போனின் நாட்காட்டியிலோ தேதி ஏற்கெனவே மாறிவிட்டது. 'அடுத்த வெள்ளி'யும் அப்படித்தான், இந்த வாரமா அடுத்த வாரமா என்பதில் மனிதர்களுக்கே சண்டை வரும். தேதியைச் சொல்லிவிடுவது நல்லது.

தமிழிலேயே சொல்லலாமா என்றால், சொல்லலாம். கூகுளின் குரல் தமிழை ஏற்கும். ஆனால் பாதி தமிழ், பாதி ஆங்கிலமாகச் சொல்லும்போதுதான் கெடுகிறது. போனின் குரல் மொழி ஆங்கிலமாக இருக்க, ஆங்கில வாக்கியத்துக்கு நடுவில் 'மாத்திரை' வந்தால், காதில் விழுந்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிவைக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரையில் அதைப் பார்த்தால் அம்மாவுக்கு எதற்கு என்றே புரியாது. முழு வாக்கியத்தையும் ஒரே மொழியில் சொல்லுங்கள். தமிழ் எடுபடாத போன் என்றால் ஆங்கிலத்தில் எளிய ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்:

```
Remind me to take tablet every Sunday at 8 PM
```

பிறகு Tasks ஆப்பில் அதைத் திறந்து, தலைப்பைத் தொட்டு, கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, அதிலுள்ள மைக்கை அழுத்தி 'ஞாயிறு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சொன்னால் தமிழிலேயே பதிந்துவிடும். இதற்கும் டைப் அடிக்க வேண்டாம். ஒரு முறை செய்தால் போதும், வாராவாரம் அந்தத் தலைப்புதான் வரும்.

மாத்திரையில் இன்னொன்று. டாக்டர் எட்டு வாரம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் ரிமைண்டரும் எட்டோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒன்பதாவது ஞாயிறும் அடிக்கும், அம்மாவும் கடையில் இன்னொரு அட்டை வாங்கிப் போட்டுக்கொள்வார். முடிவுத் தேதியை வாயால் சொல்லி ஏற்றுவதை நம்பாதீர்கள். அதைக் கையால் வையுங்கள்: Tasks-இல் அந்த வரியைத் தொட்டு, நேரமும் திரும்ப வரும் விவரமும் இருக்கும் இடத்தைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் எத்தனை நாளுக்கு அல்லது வாரத்துக்கு ஒருமுறை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பவற்றோடு Starts, Ends என்று இரண்டு இடங்கள் உண்டு. Ends-இல் After என்பதைத் தேர்ந்து 8 என்று போட்டால் எட்டு முறைக்குப் பிறகு நின்றுவிடும். இந்தப் பக்கத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகும் திருத்தம் எல்லாம் இங்கேதான்.

தண்ணீர் விஷயம்தான் உண்மையில் சிக்கலானது. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் வரும், தரைக்கடியில் இருக்கும் சம்ப் நிரம்ப வேண்டும், பிறகு மோட்டார் போட்டு மேல் டேங்கில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு ரிமைண்டர் வைத்தால் என்ன ஆகும்? Tasks ரிமைண்டர் அலாரம் அல்ல. வாட்ஸ்அப் செய்தி வந்தது போல 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தூங்குகிறவரை அது எழுப்பாது. ராத்திரி தொந்தரவு வேண்டாம் என்று Do Not Disturb போட்டிருந்தால் அந்தச் சத்தமும் வராமல் போகலாம்.

சரி, அலாரமே வைத்துவிடலாமே என்றால் அங்கே வேறு தடை. போனின் கடிகார அலாரம் கிழமையை வைத்துத்தான் திரும்ப வரும். செவ்வாய், வியாழன், சனி என்று வைக்கலாம். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று வைக்க முடியாது. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு ஒற்றைப்படை எண். அதனால் இந்த வாரம் செவ்வாய், வியாழன், சனி வரும் தண்ணீர் அடுத்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று மாறிவிடும். கிழமை அலாரம் ஒரு வாரம் சரியாக அடிக்கும், மறுவாரம் முழுக்கத் தப்பாக அடிக்கும். உங்கள் பகுதியில் வால்வு திறக்கிறவர் கிழமைக் கணக்கில்தான் விடுகிறார் என்றால் மட்டும் அலாரம் போதும், இந்தத் தலைவலியே இல்லை. முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்குதான் என்றால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே வழி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கு வைப்பது Tasks-இன் வேலை, தூக்கத்திலிருந்து எழுப்புவது அலாரத்தின் வேலை. தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய ராத்திரி ஒன்பது மணிக்கு ரிமைண்டர் வரட்டும். அம்மா அப்போது விழித்திருப்பார், கையில் போன் இருக்கும். திரையில் 'நாளைக்குத் தண்ணி, அலாரம் வை' என்று பார்த்ததும் 'நாளைக்குக் காலையில் ஐந்தரை மணிக்கு அலாரம் வை' என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. அந்த அலாரம் ஒரு நாளைக்கு மட்டும்தான், அதற்கடுத்த நாள் தானாக அடித்து எழுப்பாது.

தேதியோடு பார்ப்போம். தண்ணீர் 4ஆம் தேதி காலை வருகிறது, பிறகு 6, 8, 10. ரிமைண்டர் 3, 5, 7, 9 தேதிகளின் ராத்திரி வர வேண்டும். 3ஆம் தேதி மாலையில் உட்கார்ந்து இப்படிச் சொல்லலாம்:

```
Remind me to set alarm for water every 2 days at 9 PM
```

தமிழில் என்றால் 'இரண்டு நாளைக்கு ஒருமுறை ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணி அலாரம் வைக்க ஞாபகப்படுத்து'. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்பது நமக்கு எளிது, போனுக்குச் சிரமம். எண்ணாகச் சொன்னால் பிழை குறையும். இந்த மாதிரி இடைவெளிக் கணக்கில் குரல் தவறிப்போவது உண்டு. தினமும் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே தடவை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் சொல்லி முடித்த கையோடு Tasks-ஐத் திறந்து அந்த ஒரு வரியைப் படியுங்கள். every 2 days என்று இருக்கிறதா, Starts 3ஆம் தேதியா, 9 PM-ஆ. மூன்றும் சரி என்றால் மூடிவிடலாம். தப்பாக இருந்தால் மறுபடி மறுபடி போனிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் அந்தப் பக்கத்திலேயே கையால் திருத்திவிடுங்கள். குரலால் வைப்பது சுலபம், திருத்துவதற்கு விரல்தான் சுலபம் என்பது என் கருத்து.

'ஒற்றைப்படைத் தேதி' என்று அம்மாவிடம் சொல்லி வைக்காதீர்கள். 31 நாள் மாதத்தில் 29, 31 என்று போய் அடுத்தது 2ஆம் தேதியில் விழும். அந்த அடுத்த மாதம் முழுக்க இரட்டைப்படைத் தேதிதான். ரிமைண்டர் தேதியைப் பார்ப்பதில்லை, தொடங்கிய நாளிலிருந்து இரண்டு இரண்டாக எண்ணுகிறது. தண்ணீரும் அப்படியே வருவதால் இது பொருந்திப் போகிறது.

பொருந்தாமல் போகும் நாளும் வரும். எங்கோ குழாய் உடைந்தது, 14ஆம் தேதி வர வேண்டிய தண்ணீர் 15ஆம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி 17, 19, 21. ஆனால் ரிமைண்டர் தன் பாட்டுக்கு 15, 17, 19 ராத்திரி வந்துகொண்டிருக்கும், அதாவது ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வந்து முடிந்த பிறகு. 'முடிந்தது' என்று டிக் அடிப்பதை ஒரு நாள் தள்ளி அடித்தாலும் கணக்கு நகராது. Tasks தொடக்கத் தேதியிலிருந்து எண்ணுகிறதே தவிர, நீங்கள் டிக் அடித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. எனவே 15ஆம் தேதி பகலிலேயே அதைத் திறந்து Starts-ஐ 16 ஆக்கிவிடுங்கள். 16, 18, 20 ராத்திரி வரும், 17, 19, 21 காலைத் தண்ணீருக்குச் சரியாக இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. திருத்தாமல் புதிதாக இன்னொன்றைச் சொல்லிவிடுவார்கள். பழையது ஒற்றை நாளில், புதியது இரட்டை நாளில். இரண்டும் சேர்ந்து தினமும் அடிக்கும். நான்கு நாள் தினமும் கேட்டால் ஐந்தாம் நாள் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். 'தினமும் வருது' என்று அம்மா சொன்னால் உடனே Tasks-இல் ஒரே தலைப்பில் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாததை அழிக்கும்போது, அந்த ஒரு நாளுக்கானதை மட்டும் அழிக்கவா, இனி வருவதையும் சேர்த்தா என்ற பொருளில் கேள்வி வந்தால் படித்துவிட்டு அழுத்துங்கள். அவசரத்தில் அந்த நாளை மட்டும் அழித்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி முளைக்கும்.

பெஸ்காம் பில்லுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி காலை பத்து மணிக்கு' என்ற வாக்கியம் போதும். தேதியை மட்டும் யோசித்து வையுங்கள். கையில் இருக்கும் இரண்டு மூன்று பில்களில் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு நாலைந்து நாள் முன்னால் வையுங்கள். 29, 30, 31 தேதிகளில் மாத ரிமைண்டர் வைக்கவே வேண்டாம், எல்லா மாதத்திலும் அந்தத் தேதிகள் கிடையாது.

அடிக்கவே அடிக்காத ரிமைண்டருக்கு வருவோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐந்து நிமிடம் கழித்து வருகிற மாதிரி ஒன்று வைத்து, போனை லாக் செய்து மேஜையில் வைத்துவிடுங்கள். அது வரவில்லை என்றால் பெரும்பாலும் நோட்டிஃபிகேஷன் அனுமதியே இல்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வோர் ஆப்பும் இதற்குத் தனியாக அனுமதி கேட்கிறது. முதல் தடவை திறக்கும்போது 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார். போன் செட்டிங்கில் Apps, அதில் Tasks, அதில் Notifications போய்த் திறந்துவிடுங்கள். அதோடு Special app access என்ற இடத்தில் Alarms & reminders என்று ஒன்று இருக்கும். பட்டியலில் Tasks இருந்தால் அதையும் அனுமதியுங்கள். குறித்த நிமிடத்தில் போனை எழுப்ப அந்த உரிமை தேவைப்படும்.

ஐந்து நிமிடச் சோதனை தேறி, மறுநாள் காலைக்கு வைத்தது மட்டும் வரவில்லை அல்லது போனைக் கையில் எடுத்த பிறகுதான் வருகிறது என்றால், அது பேட்டரி மிச்சப்படுத்தும் வேலை. நெடுநேரம் தொடாத போனில் பின்னணி ஆப்களை அது தூங்க வைத்துவிடுகிறது. அதே Apps, Tasks பக்கத்தில் Battery போய் Unrestricted என்று வையுங்கள். ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் இதோடு ஆப் தானாகத் தொடங்க அனுமதிக்கும் சுவிட்ச் தனியாக இருக்கும். பெயர் போனுக்குப் போன் மாறும், பெரும்பாலும் Autostart அல்லது Auto launch. அதையும் போட்டுவிடுங்கள்.

மாதக்கணக்கில் ஒழுங்காக அடித்துவிட்டுத் திடீரென்று நிற்பது மூன்றாவது வகை, கண்டுபிடிப்பதும் கடினம். ஆண்ட்ராய்டு, பல மாதம் யாரும் திறந்து பார்க்காத ஆப்பின் அனுமதிகளைத் தானே பறித்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு 12 முதல் அதை முழுதாக உறங்கவும் வைத்துவிடும். எல்லாம் வாயாலேயே நடப்பதால் அம்மா Tasks-ஐத் திறப்பதே இல்லை, போனும் அது வேண்டாத ஆப் என்று முடிவு கட்டிவிடுகிறது. Apps, Tasks பக்கத்தின் கீழே Pause app activity if unused அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

Gemini இருக்கும் போனில், சொன்னதற்குப் பதில் மட்டும் எழுத்தாக வந்து, Tasks-இல் ஒன்றும் சேரவில்லை என்றால் அதன் செட்டிங்கில் Google Tasks-ஐ இணைக்கும் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதில் வந்ததை வைத்து ரிமைண்டர் ஏறிவிட்டதாக எண்ணக் கூடாது, Tasks-இல் வரி தெரிந்தால்தான் கணக்கு.

பின்னால் அம்மா ஐஃபோனுக்கு மாறினால் இடம் மட்டும்தான் மாறும். சிரியிடம் சொன்னது Reminders ஆப்பில் சேரும். அந்த வரியைத் தொட்டால் பக்கத்தில் வரும் வட்டத்துக்குள் i குறியைத் தொட்டு, Repeat-இல் Custom போய் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வைக்கலாம். 'ஒவ்வொரு' என்ற சொல்லும் காலை, ராத்திரியும் அங்கேயும் வேண்டும்.

நீங்கள் வெளியூரில் இருந்தால், அம்மாவின் அதே ஜிமெயில் கணக்கில் கம்ப்யூட்டரில் Google Calendar-ஐத் திறந்து, இடது பக்கம் Tasks என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். Tasks ஆப் அடுத்து வரப்போகும் ஒன்றைத்தான் காட்டும். காலண்டரில் மாதம் முழுக்க எந்தெந்த ராத்திரி தண்ணீர் ரிமைண்டர் விழுகிறது என்று கட்டம் கட்டமாகத் தெரியும். 'இந்தத் தடவை 15ஆம் தேதி வந்துச்சுடா' என்று அம்மா போனில் சொன்னால், இருந்த இடத்திலிருந்தே தேதியை மாற்றிவிடலாம். அம்மாவின் போனில் இணையம் இருந்தால் மாற்றம் தானாகப் போய்ச் சேரும். சேர்ந்ததா என்று உறுதி செய்ய, Tasks-ஐத் திறந்து தண்ணி வரியில் என்ன தேதி இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள், 16 என்றால் சரி.